பகல் இரண்டரை மணிக்கா ரோலிங்? நாளும் நேரமும் ஒட்டிய கலத்தைப் பிரிப்பதும் நேரச் சராசரி எடுப்பதும்

தேயிலை பெக்டரியில் கணக்கு பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். தராசிலிருந்தோ வாட்டல் பதிவிலிருந்தோ வரும் கோப்பில் நாளும் நேரமும் ஒரே கலத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மாத முடிவில் டீமேக்கர் வந்து "சராசரியா எத்தன மணிக்கு ரோலிங் தொடங்கியிருக்கோம்?" என்று கேட்பார். நாமும் எக்செலில் `AVERAGE` போட்டுப் பார்ப்போம். இரவு வேலைக்குப் பகல் இரண்டரை மணி என்று பதில் வரும்.

எக்செல் அங்கே கூட்டலில் பிழை விடவில்லை. நாம் கொடுத்ததைத்தான் கூட்டிப் பிரித்திருக்கிறது. ஆகவே உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பாருங்கள், அதற்கு ஏற்ற இடத்திலிருந்து கீழே படியுங்கள். கடைசி வரைக்கும் ஒரே உதாரணம்தான். ஜூன் மாதத்தில் ஐந்து இரவுகள் ரோலர் ஓடத் தொடங்கிய நேரம், A2 முதல் A6 வரை இருக்கிறது:

```
10/06/2024 23:40
12/06/2024 00:20
12/06/2024 23:50
14/06/2024 00:50
14/06/2024 23:35
```

திங்கள் முதல் வெள்ளி வரை இரவுக்கு ஒன்று. இரண்டு இரவுகளில் வாட்டல் இழுத்துக்கொண்டு போனதால் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியிருக்கிறார்கள். ஜூனில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவ மழை, கொழுந்து ஈரத்தோடு வந்து சேரும், தொட்டியில் வாட அதிக நேரம் எடுக்கும். இந்த நள்ளிரவு விஷயத்தை மனதில் வையுங்கள், பிறகு இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. எக்செலுக்கு நாளும் நேரமும் சேர்ந்து ஒரே ஓர் எண். 1900 ஜனவரி 1ஆம் தேதி என்றால் 1, அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். 2024 ஜூன் 10 என்பது 45453. நேரம் அதற்குப் பின்னால் வரும் தசமம், அதாவது ஒரு நாளில் எவ்வளவு பங்கு கழிந்தது என்பது. காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. அப்படியென்றால் முதல் வரி உண்மையில் 45453.98611. முழு எண் நாள், தசமம் நேரம். பிரிப்பது என்றால் இந்தப் புள்ளிக்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் தனித்தனியாக எடுப்பது, அவ்வளவுதான்:

```
B2:  =INT(A2)
C2:  =MOD(A2,1)
```

B நிரலுக்கு நாள் வடிவமும் C நிரலுக்கு `hh:mm` வடிவமும் கொடுங்கள். C-இல் 0.98611 என்று தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, கணக்கு சரி, வடிவம் மட்டும்தான் கொடுக்கப்படவில்லை. சரி, இது வேலை செய்துவிட்டால் நேரே சராசரிக்குப் போகலாம். செய்யாவிட்டால் கீழே பாருங்கள்.

"சில வரிகளில் #VALUE! வருகிறது, சில வரிகளில் நாள் தாறுமாறாக இருக்கிறது"

இரண்டும் ஒரே நோய்தான். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும், கோப்போ நம் நாட்டு வழக்கப்படி நாள் முதலில், மாதம் அடுத்து என்று இருக்கும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்ததும் எக்செல் 10/06/2024 என்பதை ஒக்டோபர் 6 என்று எடுத்துக்கொள்கிறது. 12/06 டிசம்பர் 6 ஆகிவிடுகிறது. 14/06க்கு வரும்போது பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் அதை நாளாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. எழுத்திலிருந்து `INT` எதையும் எடுக்க முடியாது, அதனால்தான் `#VALUE!`.

இதில் `#VALUE!` வந்த இரண்டு வரிகளை விட, வராத மூன்று வரிகள்தான் ஆபத்து. அவை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் மாதமே வேறு. #VALUE! வந்ததை மட்டும் கையால் திருத்திவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதக் கணக்கில் ஒரு பகுதி ஜூனிலும் மீதி வருடம் முழுக்கச் சிதறியும் கிடக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் இடம் வலம் ஒதுக்கி வைக்காத நிரலில் எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். ஒரே நிரலில் சிலது இந்தப் பக்கமும் சிலது அந்தப் பக்கமும் நின்றால் இதுதான். கண்ணை நம்பாமல் எண்ணியும் பார்க்கலாம்:

```
=COUNT(A2:A6)
=COUNTA(A2:A6)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். நம் உதாரணத்தில் 3 என்றும் 5 என்றும் வரும். இரண்டும் ஒன்றாக வராத வரைக்கும் சராசரி பக்கம் போகவே கூடாது. ஏனென்றால் `AVERAGE` எழுத்தைக் கண்டால் பிழை காட்டாது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். A நிரலை நேரடியாகக் கொடுத்தால் ஐந்து இரவின் சராசரி என்று நீங்கள் நினைப்பது மூன்று இரவின் சராசரியாக இருக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது.

இனி திருத்துவது. மாறிப்போன கலங்களை அந்தத் தாளிலேயே திருப்பிப் போட முயற்சி செய்யாதீர்கள், எது மாறியது எது மாறவில்லை என்று பிறகு உங்களுக்கே தெரியாது. மூலக் கோப்புக்குத் திரும்பிப் போங்கள். அதன் பெயரில் கடைசியில் இருக்கும் `.csv` என்பதை `.txt` என்று மாற்றுங்கள். எக்செலை முதலில் திறந்து, உள்ளேயிருந்து அந்தக் கோப்பைத் திறவுங்கள், அப்போது `Text Import Wizard` வரும். முதல் படியில் `Delimited`, இரண்டாம் படியில் `Comma`. மூன்றாம் படிதான் முக்கியம்: நாளும் நேரமும் உள்ள நிரலைச் சொடுக்கி `Text` என்று தெரிவு செய்துவிட்டு முடியுங்கள். இப்போது எக்செல் அந்த நிரலில் கை வைக்காது, கோப்பில் இருந்தது அப்படியே எழுத்தாக வரும்.

வேண்டுமென்றே எழுத்தாக எடுக்கிறோம். எல்லாம் எழுத்தாக இருந்தால் எல்லா வரிக்கும் ஒரே சூத்திரம் போதும், கணினியின் அமைப்பு என்னவாக இருந்தாலும் நாள் மாறாது:

```
B2:  =DATE(MID(A2,7,4),MID(A2,4,2),LEFT(A2,2))
C2:  =TIMEVALUE(RIGHT(A2,5))
```

ஏழாவது எழுத்திலிருந்து நான்கு எழுத்து வருடம், நான்காவதிலிருந்து இரண்டு மாதம், முதல் இரண்டும் நாள். கடைசி ஐந்து எழுத்து நேரம். இது சரியாக வர, ஒவ்வொரு கலத்திலும் பதினாறு எழுத்து இருக்க வேண்டும். `=LEN(A2)` போட்டுப் பாருங்கள். 17 என்று வந்தால் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது, `TRIM` போதும். `TRIM` போட்டும் 17 என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை, இணையப் பக்கத்திலிருந்து பிரதி எடுத்த தரவில் வரும் வேறொரு வகை, அதை `SUBSTITUTE(A2,CHAR(160),"")` கொண்டு நீக்கலாம். 15 என்றால் யாரோ 9/06 என்று ஒற்றை இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சில வரிகளைக் கையால் திருத்துவதுதான் வேகம். நேரத்துக்குப் பின்னால் AM, PM வருகிற கோப்பு என்றால் `RIGHT(A2,5)` ஒத்துவராது, அதற்குப் பதிலாக `MID(A2,12,8)` போடுங்கள், `TIMEVALUE` அதையும் சேர்த்தே புரிந்துகொள்ளும்.

ஒரு சின்ன விஷயம். B, C நிரல்களை A-க்குப் பக்கத்தில் புதிதாகச் செருகினால், A-யின் `Text` வடிவத்தை அவையும் எடுத்துக்கொள்ளும். அப்போது சூத்திரத்தை எழுதி என்டர் தட்டினால் விடை வராது, சூத்திரமே எழுத்தாகக் கலத்தில் நிற்கும். சூத்திரத்தில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நிரலின் வடிவத்தை `General` ஆக்கி, கலத்தில் F2 தட்டி மறுபடி என்டர் தட்டினால் விடை வந்துவிடும்.

"நாள் வடிவம் கொடுத்துவிட்டேன், நேரம் மறைந்துவிட்டது, ஆனால் அந்த நாளைத் தேடினால் கிடைக்கவில்லை"

மறைந்தது கண்ணுக்கு மட்டும். கலத்துக்குள் இன்னும் 45453.98611 தான் இருக்கிறது, நீங்கள் தேடுவது 45453. இரண்டும் ஒன்றில்லை, அதனால் `COUNTIF` 0 என்று சொல்கிறது. வடிவத்தை மாற்றுவது பிரிப்பதாகாது, மேலே சொன்ன `INT` கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

"தினமும் காலை 10 மணிக்குத்தான் லொறி வருகிறது, சராசரி இரவு 10 என்கிறது"

பிரிக்காமலே A நிரலுக்குச் சராசரி எடுத்துவிட்டு, விடைக்கு `hh:mm` வடிவம் கொடுத்தால் இப்படித்தான் வரும். திங்கள் காலை 10, செவ்வாய் காலை 10. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது திங்கள் இரவு 10. எக்செல் அதைத்தான் சொல்கிறது, நாளை நாம் மறைத்துவிட்டதால் நமக்கு வெறும் 22:00 தெரிகிறது.

இதில் பொல்லாதது என்னவென்றால், சில சமயம் சரியான விடையும் வரும். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் எடுத்தால் நடுவில் இருப்பது செவ்வாய் காலை 10, விடை 10:00. "பார்த்தீர்களா, சரியாகத்தானே வருகிறது" என்று அதையே வருடம் முழுக்கப் பாவிப்பார்கள். இடையில் ஒரு ஞாயிறு வந்தால் கதை மாறிவிடும். வெள்ளி, சனி, திங்கள் மூன்றுக்கும் எடுத்துப் பாருங்கள், மாலை 6 மணி என்று வரும். மூன்று லொறியும் காலை பத்துக்கு வந்தவைதான். மேலே உள்ள ஐந்து இரவும்கூட இடைவெளி இல்லாமல் வரிசையாக இருப்பதால் A-க்கு நேரடியாகச் சராசரி எடுத்தாலும் தற்செயலாகச் சரியான நேரம் வந்துவிடும், அதை நம்பி அடுத்த வாரத்துக்கும் போட்டுவிடாதீர்கள்.

பகல் வேலைக்கு மருந்து லேசானது. நாளை வெட்டிவிட்டு C நிரலுக்கு மட்டும் சராசரி எடுங்கள், முடிந்தது. கொழுந்து நிறுவை, லொறி வந்த நேரம், சம்பளப் பதிவு எல்லாவற்றுக்கும் இது போதும்.

"பிரித்துத்தான் எடுத்தேன், இரவு வேலைக்குப் பகல் நேரம் வருகிறது"

இப்போது ரோலிங் கணக்குக்கு வருவோம். C நிரலில் 23:40, 00:20, 23:50, 00:50, 23:35 இருக்கின்றன. `=AVERAGE(C2:C6)` போட்டால் 14:27. டீமேக்கர் இதைப் பார்த்தால் "தம்பி, பகல் ரெண்டரைக்கு ரோலரே கழுவித் துடைச்சுக் கெடக்குமே" என்பார், அவர் சொல்வது நியாயம்தான்.

காரணம் இது. நாளை வெட்டியதும் 23:40 என்பது 0.986, 00:20 என்பது 0.014. கடிகாரத்தில் நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் இரண்டு நேரமும் எண்ணாகப் பார்த்தால் நாளின் இரண்டு எல்லையில் நிற்கின்றன. நடுவை எடுத்தால் நண்பகல் பக்கம்தான் விழும். நள்ளிரவு நம் வேலையின் நடுவில் வருகிறது, அந்த இடத்தில்தான் எக்செல் நாளை வெட்டுகிறது, தவறு அங்கேதான்.

ஆகவே வெட்டுகிற இடத்தை மாற்ற வேண்டும். யாரும் ரோலிங் தொடங்காத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், இங்கே நண்பகல். எல்லா நேரத்தையும் அரை நாள் தள்ளி வைத்து, சராசரி எடுத்து, விடையை அரை நாள் திருப்பிக் கொண்டுவாருங்கள்:

```
D2:  =MOD(C2+0.5,1)
சராசரி:  =MOD(AVERAGE(D2:D6)-0.5,1)
```

D நிரலில் இப்போது 11:40, 12:20, 11:50, 12:50, 11:35 வரும். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பார்த்தாலே மனதுக்குச் சரியாகப் படும். இவற்றின் சராசரி 12:03. அரை நாள் திருப்பினால் 00:03. நள்ளிரவு தாண்டி மூன்று நிமிடம், கையால் சரிபார்த்தாலும் அதுதான்: நள்ளிரவை 0 என்று வைத்தால் −20, +20, −10, +50, −25, மொத்தம் +15 நிமிடம், ஐந்தால் வகுத்தால் 3.

வெளியே உள்ள `MOD`-ஐ விட்டுவிடாதீர்கள். சராசரி நள்ளிரவுக்கு முன்னால் விழுகிற வாரத்தில் கழித்ததும் விடை மைனஸ் ஆகிவிடும், மைனஸ் நேரத்தை எக்செலால் காட்ட முடியாது, கலம் முழுக்க `#####` வரும். நிரலை எவ்வளவு அகலமாக்கினாலும் போகாது. `MOD` இருந்தால் அது 23:50 போல ஒழுங்காக வந்து நிற்கும்.

இதே தந்திரத்தால் இன்னொரு தலைவலியும் தீரும். 12/06 00:20க்குத் தொடங்கியது உண்மையில் 11ஆம் தேதி இரவு வேலை, 11ஆம் தேதி பறித்த கொழுந்து. ஆனால் B நிரல் அதை 12 என்று சொல்லும், 12ஆம் தேதிக்கு இரண்டு பதிவும் 11க்கு ஒன்றும் இல்லாமலும் ஆகிவிடும். அரை நாள் பின்னுக்குத் தள்ளி முழு எண்ணை எடுங்கள்:

```
E2:  =INT(B2+C2-0.5)
```

இதற்கும் நாள் வடிவம் கொடுத்தால் 10, 11, 12, 13, 14 என்று இரவுக்கு ஒன்றாக வரும். பறித்த கிலோ கணக்கோடு சேர்த்துப் பார்க்க இந்த நிரலைத்தான் பாவிக்க வேண்டும்.

நண்பகல் என்பது எழுதி வைத்த விதி இல்லை. வேலை நடக்காத நீளமான இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டுங்கள். மாலை 5 மணிக்கு வெட்டுவதென்றால், எல்லா நேரத்திலிருந்தும் 17/24 கழித்து, கடைசியில் அதையே கூட்டுங்கள். அப்படி ஓர் இடைவெளியே இல்லாமல் இருபத்துநான்கு மணி நேரமும் பரவிக் கிடக்கும் பதிவு என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு "சராசரி நேரம்" என்று ஒன்று கிடையாது, எந்தச் சூத்திரம் கொடுத்தாலும் வருகிற எண்ணுக்குப் பொருள் இருக்காது. மணி வாரியாக எத்தனை பதிவு என்று எண்ணிக் கொடுப்பதுதான் நேர்மை.

"சராசரி நம்பும்படிதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் முந்தி வருகிறது"

இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கொழுந்து இல்லாத நாளில் A கலம் காலியாக இருக்கும். காலிக் கலத்தை `INT`, `MOD` இரண்டும் 0 என்று எடுத்துக்கொள்ளும், B-இல் 00/01/1900 என்று வினோதமான ஒரு நாளும், C-இல் 00:00 என்ற நேரமும் வரும். பகல் கணக்கில் 00:00 கண்ணைக் குத்தும், உடனே பிடித்துவிடலாம். இரவு ரோலிங் கணக்கில் நள்ளிரவு என்பது நடக்கக்கூடிய நேரம், அதனால் வரிசைக்குள் அமைதியாகக் கலந்துவிடும். மழை வாரத்தில் 02:00, 02:30, 03:00 என்று மூன்று இரவும் ஒரு காலி நாளும் இருந்தால், சராசரி 02:30 வர வேண்டும், காலி நாளும் சேர்ந்துகொள்வதால் 01:52 வரும். வாட்டல் உண்மையில் இருந்ததை விட வேகமாக நடந்தது போல அறிக்கை போகும், காற்றும் சூடும் போதவில்லை என்ற விஷயமே மேலே தெரியாமல் போய்விடும்.

E நிரலில் `#####` தெரிந்தால் அந்த வரியில் காலிக் கலம் இருக்கிறது என்று அர்த்தம், 0-இலிருந்து அரை நாள் கழித்ததால் வந்தது. தடுப்பதற்கு மூன்று நிரலிலும் ஒரு காவல் போடுங்கள்:

```
B2:  =IF(A2="","",INT(A2))
C2:  =IF(A2="","",MOD(A2,1))
D2:  =IF(C2="","",MOD(C2+0.5,1))
```

E-க்கும் அதே மாதிரி. எழுத்தாக எடுத்த கோப்பு என்றால் காலிக் கலம் 0 ஆகாமல் `#VALUE!` காட்டும், அங்கும் இதே `IF` போட்டால் சரி. வெற்று எழுத்தை `AVERAGE` தாண்டிப் போகும் என்று முன்பு ஆபத்தாகச் சொன்னேன் அல்லவா, இங்கே அதே குணம் நமக்கு உதவுகிறது. சராசரிக்குப் பக்கத்துக் கலத்தில் `=COUNT(D2:D6)` ஒன்றும் போட்டு வையுங்கள், எத்தனை இரவை வைத்து எடுத்த சராசரி என்று டீமேக்கர் கேட்டால் அந்த எண்ணைக் காட்டிவிடலாம்.